ஒரே ஆள், இரண்டு வேடம்: வட்டார வழக்குப் பற்றிய மனப்பான்மையை அளக்க ஒரு சோதனை அமைப்பது எப்படி

"நெல்லைத் தமிழ் பேசுபவர்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று சென்னையில் ஒரு கல்லூரி மாணவரிடம் நேராகக் கேட்டுப் பாருங்கள். "எல்லா வழக்கும் அழகுதான் சார்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே மாணவர் நாளைக்கு ஒரு நேர்முகத் தேர்வில் உட்கார்ந்து, எதிரே இருப்பவர் "சொல்லுதேன் சார்" என்று ஆரம்பித்ததும் மனசுக்குள் எத்தனை மதிப்பெண் போடுவார் என்பது வேறு கணக்கு. அந்த இரண்டாவது கணக்கைப் பிடிப்பதற்குத்தான் 'மேட்ச்ட் கைஸ்' என்ற முறை இருக்கிறது. 'கைஸ்' என்றால் வேடம்.

யோசனை எளியது. இரண்டு வழக்குகளையும் சரளமாகப் பேசும் ஒருவரைப் பிடித்து, ஒரே விஷயத்தை இரண்டு விதமாகப் பேசவைத்துப் பதிவு செய்கிறோம். கேட்பவர்களுக்கு இது ஒரே ஆள் என்று தெரியாது. ஒவ்வொரு குரலுக்கும் "இவர் எவ்வளவு கெட்டிக்காரர், எவ்வளவு நம்பலாம்" என்று மதிப்பெண் போடச் சொல்கிறோம். குரல்வளம், வயது, சுபாவம் எல்லாம் ஒன்றே என்பதால், இரண்டு மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் வழக்கினால் வந்தது என்று சொல்லலாம். வாலஸ் லாம்பர்ட்டும் கூட்டாளிகளும் கனடாவின் மான்ட்ரியலில் ஆங்கிலம், பிரெஞ்சு என்ற இரு மொழிகளை வைத்து இதைச் செய்து 1960இல் வெளியிட்டார்கள். அதில் பலரை வியக்கவைத்தது ஒன்று: பிரெஞ்சு பேசும் மாணவர்களே ஆங்கில வேடத்துக்குப் பல குணங்களில் கூடுதல் மதிப்பெண் போட்டிருந்தார்கள். சொந்த மொழியைக் குறைத்து எடைபோடும் பழக்கம் எண்ணாக வெளியே வந்தது அப்படித்தான்.

அதே கேள்வியை நம் ஊருக்குக் கொண்டுவருவோம். நெல்லை வழக்கையும், டிவியிலும் வெளியூர்க்காரரிடமும் பேசும் பொதுப் பேச்சுத் தமிழையும் எடுத்துக்கொள்ளலாம். கேட்பவர்கள் இரண்டு குழு: சென்னையில் வளர்ந்த மாணவர்கள், திருநெல்வேலியில் வளர்ந்த மாணவர்கள். முதல் முறை செய்பவர்கள் இதற்கு மேல் வழக்குகளைச் சேர்க்காதீர்கள். நான்கு வழக்கு பேசத் தெரிந்த ஒரே ஆள் என்று யாராவது வந்தால், அவர் பெரும்பாலும் மிமிக்ரி கலைஞராக இருப்பார். அவர் நமக்கு வேண்டாம்.

சென்னை என்றதும் "இன்னா, வந்துகினு" வகைப் பேச்சை எதிர்ப்பக்கம் வைக்கலாமே என்று தோன்றும். வைத்தால் வட்டாரத்தை அளக்க மாட்டீர்கள். அந்தப் பேச்சோடு ஊரைவிட வர்க்கம்தான் அதிகம் ஒட்டியிருக்கிறது. கேட்பவர் 'சென்னைக்காரர்' என்று நினைக்க மாட்டார், 'ஏழை' என்று நினைப்பார். இரண்டையும் பிறகு பிரிக்க முடியாது.

பேசுபவர்களைக் கண்டுபிடிப்பது

ஒருவரை மட்டும் வைத்துச் செய்தால் அது அந்த ஒருவரின் குரலைப் பற்றிய ஆய்வாகிவிடும். நான்கு பேராவது வேண்டும். நால்வரும் ஒரே பாலினம், ஏறக்குறைய ஒரே வயது. நமக்கு வேண்டியவர்கள் பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ வளர்ந்து, பத்துப் பன்னிரண்டு வருடம் வெளியூரில் வேலை பார்த்தவர்கள். அவர்கள் ஆபீஸில் பொதுப் பேச்சும், அம்மாவுடன் ஃபோனில் நெல்லையும் பேசுவார்கள். இப்படிப்பட்டவரைத் தேர்ந்தெடுக்க நான் நம்புவது அந்த ஃபோன் பேச்சைத்தான். "எங்க ஊர்ப் பேச்சுல ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டால் எல்லாரும் "ஏலே" என்றுதான் தொடங்குவார்கள். அது சினிமா நெல்லை. வீட்டுக்கு ஃபோன் போட்டதும் வருவது வேறு.

நல்ல ஆள் கிடைத்துவிட்டார் என்று நீங்களே முடிவு செய்யக் கூடாது. பதிவு முடிந்ததும், அந்த நெல்லைப் பதிவுகளோடு, வேறு வழக்கே பேசாத இரண்டு மூன்று நிஜ நெல்லைக்காரர்களின் பதிவையும் கலந்து, திருநெல்வேலியில் பத்துப் பேரிடம் போட்டுக்காட்டுங்கள். "இவர் எந்த ஊர்க்காரர்? பேச்சு இயல்பா இருக்கா, நடிக்கிறாரா?" இரண்டே கேள்வி. நிஜ ஆட்களுக்கு விழும் பதிலுக்குச் சமமாக உங்கள் ஆளுக்கும் விழ வேண்டும். பத்தில் மூன்று பேர் "நடிக்கிறார்" என்றால் அவரை விட்டுவிடுங்கள். பொதுப் பேச்சுப் பதிவுகளையும் இதே போல வேறொரு பத்துப் பேரிடம் சோதிக்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். பொதுப் பேச்சு பேசும்போது அடியில் நெல்லை இழுப்பு எட்டிப் பார்த்தால் ஒப்பீடே நொறுங்கிவிடும்.

என்ன பேசவைப்பது

ஆங்கில நூல்களைப் பார்த்துச் செய்பவர்கள் தமிழில் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது அங்கே வழக்கம். தமிழில் தாளைக் கையில் கொடுத்த அடுத்த நொடி பேச்சுத் தமிழ் போய்விடும். எழுத்து வழக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும். என் முதல் முயற்சியில் நடந்தது அதுதான். மேசையைச் சுற்றி அவ்வளவு அழகாக நெல்லை பேசிக்கொண்டிருந்த ஒருவர், தாளைப் பார்த்ததும் செய்தி வாசிப்பாளர் ஆகிவிட்டார். பேச்சு வழக்கிலேயே எழுதிக் கொடுத்தாலும் தொனி ஒட்டவில்லை, எழுத்துக்கூட்டி வாசிப்பது காதில் விழுந்தது.

அதனால் பனுவலை எழுதுங்கள், ஆனால் வாசிக்க விடாதீர்கள். இரண்டு மூன்று தடவை படித்து மனத்தில் வாங்கிக்கொண்டு, தாளைக் கவிழ்த்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். நெல்லைப் பதிவின்போது எதிரே இருப்பவர் நெல்லைக்காரராக இருந்தால் வழக்கு தானாக வரும். வார்த்தை ஒன்றிரண்டு மாறினால் பரவாயில்லை, செய்தி மாறக் கூடாது.

பனுவலில் என்ன இருக்க வேண்டும்? ஒரு சின்னத் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பொதுப் பேச்சில்:

"காலையில ஆறு மணிக்கே பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். இப்ப வந்துடும்னு சொல்றாங்க. பஸ் வந்துடுச்சுன்னா எட்டு மணிக்குள்ள போயிடலாம்."

நெல்லையில்:

"காலைல ஆறு மணிக்கே பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். இப்பம் வந்துரும்னு சொல்லுதாவ. பஸ் வந்துட்டுன்னா எட்டு மணிக்குள்ள போயிரலாம்."

இங்கே ஒரு தனிச் சொல்கூட 'நெல்லை' என்று கத்தவில்லை. நிக்கிறேன் என்பது நிக்கேன் ஆகிறது, சொல்றாங்க என்பது சொல்லுதாவ ஆகிறது, வந்துடுச்சு என்பது வந்துட்டு, இப்ப என்பது இப்பம். வேலையில் பெரும்பகுதியை வினைச்சொல்லின் வால்தான் செய்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, பனுவல் நிகழ்காலத்தில் நடக்கிறது. "நேத்து நின்னேன், கேட்டேன், போனேன்" என்று இறந்தகாலத்தில் எழுதினால் இரண்டு வழக்குக்கும் பாதி இடங்களில் வித்தியாசமே இருக்காது. தினமும் நடக்கும் ஒரு காரியத்தை விவரிப்பது போல எழுதினால் நிகழ்கால வினைகள் கொட்டும்.

"ஏலே", "அண்ணாச்சி" இரண்டையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். அவற்றைப் போட்டால் கேட்பவர் மனத்தில் வருவது வழக்கு அல்ல, படத்தில் பார்த்த ஏதோ ஒரு பாத்திரம். உறவுச்சொற்களையும் தவிர்த்துவிடுங்கள். அப்பா, அம்மா, அத்தை என்று வந்தால் சில வீடுகளில் சொல்லும் முறையிலேயே சாதி வெளியே தெரிந்துவிடும். பிறகு வந்த மதிப்பெண் எதற்கு வந்தது என்று உங்களால் சொல்ல முடியாது. பொருளும் சப்பென்று இருக்க வேண்டும். விவசாயம், கோயில், அரசியல், சம்பளம் எதுவும் வேண்டாம். பஸ், மழை, தண்ணீர் லாரி, இப்படி ஏதாவது.

நெல்லைக்குப் பதில் கொங்கு வழக்கை எடுப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். "வந்தேனுங்க, இல்லீங்க" என்று ஒவ்வொரு வாக்கியத்திலும் வரும் 'ங்க' எதிரே இருப்பவருக்குக் கொடுக்கும் மரியாதை. பொது வேடத்தில் அது குறைவாக இருந்து, கொங்கு வேடம் 'பணிவு' என்ற குணத்தில் ஜெயித்தால், அது வழக்கைப் பற்றிய எண்ணமா, மரியாதைச் சொல்லை எண்ணிப் போட்ட மதிப்பெண்ணா? இதற்கு முழுத் தீர்வு இல்லை. இரண்டு வேடத்திலும் தன்னைவிடப் பெரியவரிடம் பேசுவது போல அமைத்து, பொதுப் பேச்சிலும் "வந்தேங்க" என்று வரவைத்தால் வித்தியாசம் ஓரளவு சுருங்கும்.

பதிவு

ஒவ்வொரு பதிவும் 30 வினாடி போதும். ஒருவருடைய இரண்டு வேடத்தையும் ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே மைக்கில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் எடுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரு வேடத்துக்கு மூன்று தடவை சொல்லவைத்துச் சிறந்ததை எடுத்துக்கொள்ளலாம்.

வேகம்தான் இங்கே ஒளிந்திருக்கும் எதிரி. பலருக்குச் சொந்த வழக்கில் பேச்சு ஓடும், பொதுப் பேச்சில் கொஞ்சம் நிதானிக்கும். வேகமாகப் பேசுபவரைக் கேட்பவர்கள் வேறு விதமாக எடைபோடுவார்கள், வழக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மொத்த நேரத்தை ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், ஏனென்றால் நிக்கிறேன் மூன்று அசை, நிக்கேன் இரண்டு. சொல்றாங்க மூன்று, சொல்லுதாவ நான்கு. ஆகவே அசைகளை எண்ணி, வினாடிக்கு எத்தனை என்று பாருங்கள். இரண்டு வேடத்துக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் திரும்பப் பதிவு செய்யுங்கள். மென்பொருளில் இழுத்துச் சரிசெய்தால் குரல் இயற்கையாக இருக்காது.

சத்தத்தின் அளவை மட்டும் இயந்திரத்தில் சமப்படுத்தலாம். Praat இலவச மென்பொருள், ஒலியியல் ஆய்வாளர்கள் பலரும் பயன்படுத்துவது. எல்லாப் பதிவையும் அதில் திறந்து இந்த இரண்டு வரியை ஓட்டினால் போதும்:

```
select all
Scale intensity: 70
```

சுருதியின் ஏற்ற இறக்கத்தைத் தொடாதீர்கள். நெல்லையின் இராகம் அந்த வழக்கின் ஒரு பாகம். அதைத் தட்டையாக்கினால் பாதி நெல்லை போய்விடும்.

வரிசை

நால்வருக்கு இரண்டு வேடம், ஆக எட்டுப் பதிவு. இதோடு ஒரே ஒரு வழக்கில் மட்டும் பேசும் இரண்டு வேறு ஆட்களைச் சேருங்கள். ஒருவர் கோவைப் பக்கம், ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம் இருக்கலாம். இவர்கள் மதிப்பெண் நமக்குத் தேவையில்லை. கவனத்தைத் திருப்பவும், முதல் குரலுக்குப் போடும் தடுமாற்ற மதிப்பெண்ணை வாங்கிக்கொள்ளவும்தான் இவர்கள். பேசுபவர்களை அ, ஆ, இ, ஈ என்று வைத்தால் வரிசை இப்படி வரும்: கோவைக்காரர், அ-நெல்லை, ஆ-பொது, இ-நெல்லை, ஈ-பொது, தஞ்சாவூர்க்காரர், அ-பொது, ஆ-நெல்லை, இ-பொது, ஈ-நெல்லை. ஒருவருடைய இரண்டு வேடத்துக்கும் நடுவில் நான்கு குரல் இருக்கிறது. பாதிப் பேருக்கு இந்த வரிசையைப் போடுங்கள், மீதிப் பேருக்கு அ, ஆ, இ, ஈ நால்வரின் வேடங்களையும் இடம் மாற்றிப் போடுங்கள். முதலில் கேட்டதற்குக் கூடுதல் மதிப்பெண் போடும் பழக்கம் இருந்தால் அது இரண்டு பக்கமும் சமமாகிவிடும்.

எல்லாரும் ஏன் ஒரே பஸ் கதையைச் சொல்கிறார்கள் என்று கேட்பவர் யோசிப்பார். "பத்துப் பேரிடம் ஒரே விஷயத்தைச் சொல்லச் சொன்னோம், குரலை மட்டும் கேட்டு ஆளை எவ்வளவு கணிக்க முடிகிறது என்று பார்க்கிறோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் பதிவுகளில் தனி ஆள் அடையாளம் எதுவும் இருக்கக் கூடாது. எங்கள் பதிவு ஒன்றில் பேசியவர் வாக்கியம் முடிந்ததும் மூக்கை உறிஞ்சுவார். இரண்டு வேடத்திலும் உறிஞ்சியிருந்தார். மூன்றே பேரில் ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டார்.

கேள்வித்தாள்

குணங்களின் பட்டியலை ஆங்கிலக் கட்டுரையிலிருந்து மொழிபெயர்க்காதீர்கள். 15, 20 பேரிடம் பதிவுகளைப் போட்டு "இவரைப் பத்தி என்ன தோணுது?" என்று சும்மா பேசவிடுங்கள். அவர்கள் வாயில் வரும் சொற்களையே எடுங்கள். வெள்ளந்தி, விவரமானவர், பழக லேசு, அலட்டிக்காதவர், படிச்சவர் மாதிரி, கறார்: இப்படி வருபவற்றில் எட்டைத் தேர்ந்தெடுக்கலாம். பாதி, மதிப்பைச் சொல்பவை (படிப்பு, விவரம், பதவி, கறார்). மீதி, ஒட்டுதலைச் சொல்பவை (நல்ல மனசு, பழக லேசு, நம்பலாம், அலட்டிக்காதவர்). பல நாடுகளில் திரும்பத் திரும்பத் தெரிவது இந்த இரண்டு பக்கமும் எதிரெதிராக நகர்கிறது என்பதுதான். ஊர்ப்பேச்சு மதிப்பில் இறங்கும், ஒட்டுதலில் ஏறும். இரண்டையும் கூட்டி ஒரே சராசரி எடுத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிட்டு 'வித்தியாசம் இல்லை' என்று வரும்.

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை கட்டம். கூடவே ஒரு சூழ்நிலைக் கேள்வி வையுங்கள்: "இவர் உங்கள் வங்கிக் கிளையின் மேலாளராக வந்தால் எவ்வளவு பொருத்தம்?", "பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தால்?" என்பது போல. குணத்தைப் பற்றி நல்லபிள்ளையாகப் பதில் போடுபவர்கள் இங்கே அசந்துவிடுவார்கள்.

கடைசிக் குரலும் முடிந்த பிறகு மட்டும் கேட்க வேண்டியவை மூன்று. ஒன்று, பதிவுகளைத் திரும்ப ஐந்து வினாடி போட்டு "இவர் எந்தப் பக்கத்துக்காரர்?" என்று கேளுங்கள். நெல்லை வேடத்தை மதுரை என்று பாதிப் பேர் எழுதினால், நீங்கள் அளந்தது 'நெல்லை' அல்ல, 'தெற்கத்திப் பேச்சு'. அதுவும் ஒரு முடிவுதான், ஆனால் அறிக்கையில் அப்படித்தான் எழுத வேண்டும். இரண்டு, "யாராவது இரண்டு தடவை பேசியது போல இருந்ததா?" ஆமாம் என்று சரியான குரலைக் காட்டியவர்களின் தாள்களைத் தனியே எடுத்துவையுங்கள். மூன்று, அவரே எந்த ஊரில் எத்தனை வருடம் வளர்ந்தார், வீட்டில் என்ன பேச்சு.

எண்களைப் படிப்பது

ஒரு குழுவுக்கு 40 பேர் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் இரண்டு வேடத்துக்கும் மதிப்பெண் போடுவதால், நடுத்தர அளவு வித்தியாசத்தை, அதாவது அந்த வித்தியாசங்களின் திட்டவிலக்கத்தில் பாதியை, 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க 34 பேர் போதும். மீதி ஆறு பேர், கண்டுபிடித்துவிடுபவர்களுக்கும் பாதியில் எழுந்து போகிறவர்களுக்குமாக.

எப்படிப் படிப்பது என்று காட்டக் கற்பனையாகச் சில எண்கள். சென்னைக் குழு மதிப்புக் குணங்களில் பொது வேடத்துக்கு 4.9, நெல்லைக்கு 4.1 போட்டது என்று வைப்போம். வித்தியாசம் 0.8. உடனே கொண்டாடாமல் ஆள்வாரியாகப் பிரியுங்கள். அ-வுக்கு 0.9 இறக்கம், ஆ-வுக்கு 0.8, இ-க்கு 0.2, ஈ-க்கு 1.3. ஈ ஏன் இவ்வளவு விழுந்தார்? திருநெல்வேலி சோதனைத் தாளுக்குத் திரும்பிப் போனால், அவரைத்தான் இரண்டு பேர் "கொஞ்சம் நடிக்கிறார்" என்று எழுதியிருப்பார்கள். அவரை எடுத்துவிட்டுப் பார்த்தால் இறக்கம் 0.63. முடிவு நிற்கிறது, ஆனால் சுருங்கிவிட்டது. அறிக்கையில் இரண்டு எண்ணையும் போடுங்கள். ஈ-யை எடுத்ததும் வித்தியாசமே காணாமல் போனால், உங்களிடம் இருந்தது ஒரு நடிகரின் கதை மட்டுமே.

R தெரிந்தவர்கள் lme4 தொகுப்பில் இப்படி ஓட்டலாம்:

```
lmer(score ~ guise * group + speaker +
     (1 + guise | listener), data = d)
```

மதிப்புக்கு ஒரு தடவை, ஒட்டுதலுக்கு ஒரு தடவை. இதில் `guise` வரி, R முதலாவதாக எடுத்துக்கொள்ளும் குழுவில் வழக்கின் விளைவைச் சொல்லும், `guise:group` வரி சென்னையும் திருநெல்வேலியும் வேறுபடுகின்றனவா என்று சொல்லும். மான்ட்ரியல் கேள்விக்கு, அதாவது திருநெல்வேலிக்காரர்களே தங்கள் பேச்சைக் குறைத்து எடைபோடுகிறார்களா என்பதற்கு, இரண்டு வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருநெல்வேலி மாணவர்களும் தங்கள் பேச்சுக்கு மதிப்பில் குறைவாகப் போட்டிருந்தால், 1960இல் தெரிந்தது இங்கேயும் தெரிகிறது. பேசியவர்கள் நான்கே பேர் என்பதால், அந்த நால்வரைத் தாண்டி 'நெல்லைத் தமிழ் முழுவதும்' என்று பேச இந்த எண்கள் உரிமை தராது. அதற்குப் பேசுபவர்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். கேட்பவர்களை 400 ஆக்கினாலும் இந்தக் குறை தீராது.

இந்தச் சோதனையில் நாம் கேட்பவரிடம் ஒன்றை மறைக்கிறோம். ஆகவே கல்லூரியின் நெறிக்குழு அனுமதியை முதலிலேயே வாங்குங்கள். சோதனை முடிந்த அன்றே, தாளை வாங்கிக்கொண்ட கையோடு, "இந்தப் பத்தில் எட்டுக் குரல்கள் நான்கே பேருடையவை" என்று சொல்லி, ஒருவருடைய இரண்டு வேடத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக்காட்டுங்கள். இதைத் தெரிந்த பிறகு தங்கள் தாளைத் திரும்பக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். அடுத்த வகுப்பு மாணவர்களிடம் ஒரு வாரம் சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனாலும் சொல்லிவிடுவார்கள். அதனால் ஒரே கல்லூரியில் எல்லா வகுப்புகளையும் ஒரே நாளில் முடிப்பதுதான் உத்தமம்.